தயிர்ச் சட்டியும் மாதக் கடைசி ரெப்பும்: விற்பனை நோக்கு, சந்தைப்படுத்தல் நோக்கு பற்றிய கேள்வி பதில்

வந்தாறுமூலை, முதலாம் வருட மாணவி: சேர், இரண்டுமே பொருளை விற்கத்தானே? எந்த இடத்தில் பிரிகிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

காசு வருவது இரண்டிலும் விற்பனையால்தான். எதிலிருந்து யோசிக்கத் தொடங்குகிறோம் என்பதில்தான் வேறுபாடு. செங்கலடிப் பக்கம் ஒரு தயிர்க்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை.

அவர் தினமும் ஒரு லீட்டர் சட்டி 60 உறைய வைக்கிறார். சட்டிக்கூலியோடு அடக்கம் 380 ரூபாய், விலை 480. பொழுது சாயும்போது 15 சட்டி மிஞ்சுகிறது. விற்பனை நோக்கு உள்ளவருக்கு அப்போது எழும் கேள்வி, "இந்தப் பதினைந்தை எப்படித் தள்ளுவது?" விலையை 350க்குக் குறைப்பார், கடைக்காரர்களிடம் கெஞ்சிப் பொறுப்புக் கொடுப்பார், மகனை மோட்டார் சைக்கிளில் அனுப்புவார். உழைப்பில் குறையே இல்லை. ஆனால் அந்தப் பதினைந்திலும் சட்டிக்கு 30 ரூபாய் நட்டம், நாளைக்கும் அதே பதினைந்து மிஞ்சும்.

சந்தைப்படுத்தல் நோக்கு உள்ளவர், கடைக்கு வந்து சட்டியைப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களைக் கவனிப்பார். விசாரித்தால் ஒரு ரீச்சர் சொல்கிறார்: "வீட்டில் நாங்கள் இரண்டு பேர். பாதி சாப்பிடுமுன் புளித்துவிடுகிறது." பிரச்சினை விலையில் இல்லை, அளவில். அரை லீட்டர்ச் சட்டி போட்டால் அடக்கம் 205 ரூபாய் வரும், ஏனென்றால் சின்னச் சட்டியின் கூலி பாதியாகக் குறையாது. 260க்கு விற்கலாம். லீட்டர்க் கணக்கில் அது பெரிய சட்டியைவிட விலை கூட. ஆனாலும் ரீச்சர் வாங்குவார், அவருக்கு வீண் போவதில்லை.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. பெரிய சட்டியில் 100 ரூபாய் இலாபம், சின்னதில் 55. பத்துச் சின்னச் சட்டியையும் புது ஆட்கள் வாங்கினால் 550 ரூபாய் கூடுதலாக வரும். முன்பு பெரிய சட்டி வாங்கியவர்களே பத்துப் பேரும் மாறிவிட்டால் 450 ரூபாய் குறையும். அதனால் முதல் வாரம் பத்துச் சட்டி மட்டும் போட்டு, எத்தனை விற்றது என்பதோடு யார் வாங்கினார்கள் என்பதையும் குறித்துவைக்க வேண்டும். இந்தக் குறிப்பெடுக்கும் வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

காத்தான்குடி மாணவர்: அப்படியென்றால் விளம்பரம் செய்வது சந்தைப்படுத்தல், ஆள் போய்ப் பேசி விற்பது விற்பனை. சரிதானே சேர்?

பாதி சரி. நேரில் பேசி விற்பது விற்பனை வேலைதான். ஆனால் வேலை வேறு, நோக்கு வேறு. மிஞ்சிய 15 சட்டிக்கு முகநூலில் "இன்று மட்டும் 350" என்று போட்டால், அது விளம்பரமாக இருந்தாலும் விற்பனை நோக்குத்தான். வீடு வீடாகப் போகிற மகன், "அரை லீட்டர் இருந்தால் எடுப்பம் என்று நாலு வீட்டில சொன்னாங்க" என்று திரும்பிவந்து சொல்லி, அப்பா அதைக் கேட்டுச் செய்தால் அதுதான் சந்தைப்படுத்தல் நோக்கு. அப்பா கேட்காவிட்டால் மகனின் கெட்டித்தனம் அந்த வாசலோடு முடிந்துவிடும்.

கல்முனை, கடைக்காரர் மகன்: எங்கள் வாப்பாவின் கடைக்கு ஒரு பிஸ்கட் ரெப் மாதக் கடைசியில் வந்து, 12 பெட்டி எடுத்தால் 1 பெட்டி இலவசம் என்று இறக்கிவிட்டுப் போவார். அடுத்த மாதம் நடுவில் வந்தால் வாப்பா, "இன்னும் கிடக்கு, போங்க" என்பார். இது எதில் சேரும்?

உங்கள் கடையே நல்ல பாடம், தம்பி. ரெப்புக்கு மாத இலக்கு இருக்கிறது. பெட்டி உங்கள் கடைக்குள் வந்ததும் கம்பனியின் கணக்கில் அது விற்பனை. ஆனால் சாப்பிடுகிறவர் யாரும் இன்னும் வாங்கவில்லை. கம்பனியின் களஞ்சியத்தில் இருந்த பொருள் வாப்பாவின் இறாக்கைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஓடர்ப் புத்தகத்தை எடுத்து மாதத்தின் கடைசி வாரத்தையும் அடுத்த மாதத்தின் முதல் இரண்டு வாரத்தையும் பாருங்கள். கடைசி வாரம் ஏறி, அடுத்து படுத்து, மறுபடி கடைசியில் ஏறினால் ஏறுவது இலக்கால்தான். சாப்பிடுகிறவர்கள் மாதக் கடைசியில் மட்டும் கூடுதலாகச் சாப்பிடமாட்டார்கள். சம்பளநாள், பெருநாள், அறுவடைக் காசு புழங்கும் காலம் என்று உண்மையான ஏற்றமும் உண்டு, அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். திகதி கிட்டிய பெட்டிகள் எத்தனை திரும்பிப் போகின்றன என்பதும் அதே கதையைத்தான் சொல்லும்.

ரெப்பைக் குறை சொல்ல வேண்டாம். இறக்கிய பெட்டிக்குக் கழிவு கொடுத்தால் அவர் பெட்டியைத்தான் இறக்குவார். கடையிலிருந்து வெளியே போன பக்கெட்டைக் கணக்கெடுத்துக் கொடுத்தால் அவரே வந்து இறாக்கையை அடுக்கித் தருவார்.

அக்கரைப்பற்று மாணவி: நான் மார்க்கெட்டிங் எடுத்தால் கடைசியில் ரெப் வேலைதான் கிடைக்கும் என்று மாமா சொல்கிறார். உண்மையா?

இது வேலை பற்றிய கேள்வி, தங்கச்சி, நாம் பேசுவது நிறுவனத்தின் நோக்கு. ஒன்று மட்டும் சொல்கிறேன்: பலர் ரெப்பாகத்தான் தொடங்குகிறார்கள், வாங்குகிறவரின் வாயிலிருந்து நேரே கேட்கக் கிடைக்கிற இடம் அது.

களுவாஞ்சிக்குடி, காப்புறுதி முகவர்: நீங்கள் விற்பனை நோக்கைக் கெட்டதாகக் காட்டுகிறீர்கள். ஆயுள் காப்புறுதியை எவரும் தேடிவந்து வாங்கியதை நான் காணவில்லை. போய்ப் பேசாவிட்டால் வியாபாரமே இல்லை.

நீங்கள் சொல்வது சரி, அண்ணன். மக்கள் தாமாகத் தேடாத பொருளுக்கு வலிந்து போய் விற்றே ஆக வேண்டும். கரைக்கு வந்த மீனும் அப்படித்தான், ஐஸ் கரையுமுன் விற்றாக வேண்டும், அந்த நேரத்தில் ஆராய்ச்சிக்கு இடமில்லை.

ஆனால் காப்புறுதியில் ஒன்றைப் பாருங்கள். இரண்டாம் வருடம் கட்டாமல் காலாவதியாகும் ஒப்பந்தங்கள் எத்தனை? வயல் செய்கிறவருக்கு மாதாமாதம் கட்டும் திட்டத்தைப் பேசி விற்றுவிடலாம். அவர் கைக்குக் காசு வருவது பெரும்போகம், சிறுபோகம் என்று இரண்டு அறுவடைக்கு. இடையில் கட்ட முடியாமல் விட்டுவிடுவார். தவணையை அறுவடைக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தால் உங்கள் பேச்சுத் திறமை வீணாகாது.

ஒலுவில் மாணவர்: முதலில் உற்பத்திக் காலம், பிறகு விற்பனைக் காலம், பிறகு சந்தைப்படுத்தல் காலம் என்று நோட்ஸில் இருக்கிறது. உண்மையில் அப்படித்தான் நடந்ததா?

அந்த வரிசையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ரொபர்ட் கீத். அமெரிக்காவின் பில்ஸ்பரி மா நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்தவர், தன் நிறுவனம் மாறிய கதையாக 1960இல் எழுதினார். ஒரு நிறுவனத்தின் கதையை எல்லோருக்கும் பொருத்தலாமா என்ற கேள்வி பிறகு எழுந்தது. வாங்குகிறவரைக் கவனித்து விற்றவர்கள் அதற்கு வெகு முன்பே இருந்தார்கள் என்று 1988இல் ரொனால்ட் புல்லர்ட்டன் வாதாடினார். பரீட்சைக்கு வரிசையை எழுதுங்கள், அதன்மேல் எதிர்ப்பு இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இன்றும் ஒரே தெருவில் மூன்று வகைக் கடையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

மருதமுனை, நெசவுக் குடும்பத்து மாணவர்: வாங்குகிறவரைக் கேட்டால் போன வருடம் பார்த்த சாரி டிசைனைத்தான் கேட்கிறார்கள். நாங்கள் புதிதாக நெய்ததை முதலில் யாரும் கேட்டதில்லை, கண்ட பிறகுதான் எடுத்தார்கள். அப்படியென்றால் கேட்டு நெய்வதா, நெய்து காட்டுவதா?

இதில் ஆய்வாளர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. எனக்குப் படுவது இது: நிறமும் டிசைனும் என்ன வேண்டும் என்று கேட்டால் பழையதுதான் பதிலாக வரும். எங்கே உடுத்துப் போகிறீர்கள், கழுவினால் சாயம் போகிறதா, கஞ்சி போட நேரம் இருக்கிறதா என்று கேட்டால் புதிதாக நெய்ய ஏதாவது கிடைக்கும். ஆனால் கண்ணுக்குப் பிடிக்கும் அழகை இப்படிக் கேட்டு அறிய முடியுமா என்றால், அதில் நெசவாளர் பக்கம் சாய்வதா, வாங்குகிறவர் பக்கம் சாய்வதா என்று எனக்கு முடிவாகவில்லை. உங்கள் உம்மாவும் வாப்பாவும் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.