மெனுவின் எழுத்து மங்குவதும் மறைவதும் சிறுப்பதும்

மதிப்பிற்குரிய ஐயா,

என் புதிய மடிக்கணினியின் திரை 14 அங்குலம், 2880 × 1800 பிக்சல். விண்டோஸின் திரை அளவை 150% என்று வைத்திருக்கிறேன். நெடுநாளாக விளையாடி வரும் பழைய வியூக விளையாட்டு ஒன்றை நிறுவியபோது மெனு எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. விளையாட்டின் அமைப்புகளில் திரையின் முழு அளவான 2880 × 1800ஐத் தேர்ந்தெடுத்தேன். உடனே வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் வெட்டுண்டு, சேமிக்கும் பொத்தான் கண்ணிலேயே படாமல் போயிற்று. நண்பர் ஏதோ ஓர் அமைப்பை மாற்றிக் கொடுத்தார். இப்போது எல்லாம் தெளிவாக இருக்கிறது, ஆனால் எழுத்தைப் படிக்க முடியவில்லை. திரையில்தான் குறையா? மாற்றித் தரும்படி கேட்கலாமா?

இப்படிக்கு,
தங்கள் வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

திரையில் குறை இல்லை; மாற்றித் தரும்படி கேட்க வேண்டாம். நீங்கள் கண்ட மூன்று தொல்லைகளும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. திரை எவ்வளவு பெரியது என்று விளையாட்டு கேட்கும்போது விண்டோஸ் என்ன விடை சொல்கிறது என்பதே அந்த இடம்.

அதிக அடர்த்தியுள்ள திரைகளைக் கையாளத் தெரியும் என்று ஒரு நிரல் முன்கூட்டியே விண்டோஸிடம் அறிவிக்க வேண்டும். அப்படி அறிவிக்காத நிரலிடம் விண்டோஸ் உண்மையான அளவைச் சொல்வதில்லை. உங்கள் கணினியில் அளவு 150% என்பதால், 2880ஐயும் 1800ஐயும் ஒன்றரையால் வகுத்து, திரை 1920 × 1200 என்று சொல்கிறது. விளையாட்டும் அதை நம்பி அந்த அளவில் படத்தை வரைந்து கொடுக்கிறது. விண்டோஸ் அந்தப் படத்தை ஒன்றரை மடங்கு இழுத்துத் திரையை நிரப்புகிறது. விளையாட்டு வரைந்த ஒரு பிக்சல் திரையின் ஒன்றரைப் பிக்சலில் உட்கார வேண்டும், ஆனால் அரைப் பிக்சல் என்று ஒன்று கிடையாது. ஆகவே பக்கத்துப் பிக்சலின் நிறத்தையும் கலந்து விண்டோஸ் நிரப்புகிறது. கருப்பு எழுத்தின் விளிம்பில் சாம்பல் நிறம் படர்வது இதனால்தான். இந்த ஏற்பாடு 2007இல் விண்டோஸ் விஸ்டாவுடன் பொதுமக்களுக்கு வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட விளையாட்டுகள் எதையும் அறிவித்திருக்க வழியில்லை, பின்னால் வந்தவற்றிலும் பல அறிவிக்கவில்லை.

வெட்டுண்டது ஏன் என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் பலரும் இந்த இடத்தில்தான் திரை கெட்டுவிட்டது என்று அஞ்சுகிறார்கள். விளையாட்டுக்குள் தெரியும் திரை அளவுகளின் பட்டியல் வேறு வழியாக வருகிறது; அங்கே விண்டோஸ் எதையும் வகுத்துச் சொல்வதில்லை, உண்மையான பிக்சல்களைத்தான் தருகிறது. அதனால் 2880 × 1800 என்பது பட்டியலில் இருந்தது, நீங்களும் தேர்ந்தெடுத்தீர்கள், விளையாட்டு அந்த அளவில் தன் சாளரத்தை அமைத்தது. ஆனால் விண்டோஸின் கணக்கில் அந்த நிரல் இன்னும் அறிவிக்காத நிரல்தான். எனவே அந்தச் சாளரத்தையும் வழக்கம்போல் ஒன்றரை மடங்கு இழுத்தது. சாளரம் 4320 × 2700 ஆகிவிட்டது. இடது மேல் மூலையிலிருந்து அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கும் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கும் மட்டுமே திரைக்குள் அடங்கின. வலது கீழ் மூலையில் இருந்த உங்கள் சேமிப்புப் பொத்தான் திரைக்கு வெளியே இருந்தது. சில விளையாட்டுகளில் இந்தக் குழப்பம் இன்னொரு வடிவிலும் வரும்: படம் முழுதாகத் தெரியும், ஆனால் பொத்தானின் மேல் அழுத்தினால் ஒன்றும் நடக்காது, சற்றுத் தள்ளி வெற்றிடத்தில் அழுத்தினால் வேலை செய்யும். படம் ஒரு கணக்கிலும் சுட்டி இன்னொரு கணக்கிலும் ஓடுகின்றன என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

உங்கள் நண்பர் செய்தது பெரும்பாலும் இதுவாக இருக்கும். விளையாட்டின் .exe கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்து Properties, அதில் Compatibility, அதில் Change high DPI settings என்று சென்று, Override high DPI scaling behavior என்ற கட்டத்தைக் குறியிட்டு, கீழே Application என்பதைத் தேர்ந்தெடுத்திருப்பார். இனி இந்த நிரலின் விஷயத்தில் விண்டோஸ் தலையிடாது, உண்மையான 2880 × 1800ஐயே சொல்லும் என்பது அதன் பொருள். அதே பட்டியலில் உள்ள System (Enhanced) என்பதைப் பார்த்து, பெயரில் மேம்பட்டது என்று இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். விண்டோஸின் பழைய வரைமுறையால் எழுத்துகளை எழுதும் அலுவலக நிரல்களுக்குத்தான் அது உதவும். டைரக்ட்3டி கொண்டு வரையும் விளையாட்டின் படத்தை அது தெளிவாக்காது.

இந்த மாற்றத்தைச் செய்யும் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. நானும் அங்கே இரண்டு மாலைகளைச் செலவிட்டிருக்கிறேன். முகப்பில் உள்ள குறுக்குவழி பல நேரங்களில் விளையாட்டைத் தொடங்கி வைக்கும் லாஞ்சர் என்ற சிறு நிரலைத்தான் திறக்கும், விளையாட்டு வேறு கோப்பாக இருக்கும். லாஞ்சருக்குச் செய்த மாற்றம் விளையாட்டைத் தொடாது. விளையாட்டை ஓடவிட்டு Task Managerஐத் திறந்து Details பக்கத்தில் பார்த்தால் உண்மையில் எந்தக் கோப்பு ஓடுகிறது என்பது தெரியும். அங்கேயே தலைப்பு வரிசையில் வலது சொடுக்கு செய்து DPI Awareness என்ற பத்தியைச் சேர்த்துக்கொண்டால், அந்தக் கோப்புக்கு நேரே, அறிவிக்காத நிரல் என்ற பொருளில், Unaware என்று இருக்கிறதா என்று பார்க்கலாம். நீங்கள் மாற்றிய பிறகும் Unaware என்றே இருந்தால் வேறு கோப்பை மாற்றியிருக்கிறீர்கள்.

இனி சிறிய எழுத்துக்கு வருவோம். இதில் விண்டோஸின் பிழை ஏதும் இல்லை. விளையாட்டு தன் எழுத்தை இத்தனை பிக்சல் உயரம் என்று நிலையாக வைத்திருக்கிறது. 24 அங்குல, 1920 × 1080 திரையில் 16 பிக்சல் உயர எழுத்து ஏறத்தாழ 4.4 மில்லிமீட்டர் இருக்கும். உங்கள் திரையில் ஓர் அங்குலத்துக்குள் 243 பிக்சல்கள் அடங்குவதால் அதே எழுத்து 1.7 மில்லிமீட்டர்தான். விளையாட்டின் அமைப்புகளில் UI Scale என்று ஏதாவது இருந்தால் முதலில் அதைக் கூட்டிப் பாருங்கள். எழுத்து பெரிதாகவும் கூர்மையாகவும் வரும், வேறெதுவும் தேவைப்படாது. பழைய விளையாட்டுகளில் அது அரிது.

இல்லையென்றால், Application அமைப்பை அப்படியே விட்டுவிட்டு, விளையாட்டுக்குள் முழுத்திரை முறையில் 1440 × 900ஐத் தேர்ந்தெடுங்கள். இது உங்கள் திரையின் சரிபாதி. விளையாட்டின் ஒரு பிக்சல் திரையில் இரண்டுக்கு இரண்டாக நான்கு பிக்சல்களில் மிச்சமின்றி உட்காரும். 16 பிக்சல் எழுத்து ஏறத்தாழ 3.4 மில்லிமீட்டர் ஆகிவிடும். 1920 × 1200ஐத் தேர்ந்தெடுத்தால் மீண்டும் ஒன்றரை மடங்குக் கணக்கு வந்து பழைய மங்கல் திரும்பிவிடும் என்பதால் அதைத் தவிர்க்கச் சொல்கிறேன். சரிபாதியிலும் சற்று மங்கல் தெரிந்தால், கிராபிக்ஸ் அட்டையின் கட்டுப்பாட்டு நிரலில் Integer Scaling என்ற வசதியை இயக்க வேண்டும். நிறங்களைக் கலக்காமல் பிக்சலை அப்படியே நான்காக்கும் வேலையை அது செய்கிறது. இரண்டு கிராபிக்ஸ் சிப்புகள் உள்ள மடிக்கணினிகளில் திரை பெரும்பாலும் பிராசசரோடு சேர்ந்த சிப்பில்தான் இணைக்கப்பட்டிருக்கும். ஆகவே தனி அட்டையின் நிரலில் இந்த வசதி தென்படாவிட்டால், மற்ற சிப்பின் நிரலில் தேடுங்கள். பழைய சிப்புகளில் இது கிடையாது. அப்போது சரிபாதி அளவின் மெல்லிய மங்கலோடுதான் விளையாட வேண்டியிருக்கும், ஆனால் அது படிக்கும்படி இருக்கும்.

முழு விண்டோஸையும் 100%க்கு இறக்கிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். மங்கலும் வெட்டும் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் விளையாட்டின் எழுத்து அதே 1.7 மில்லிமீட்டராகத்தான் இருக்கும், கூடவே கணினியில் உள்ள மற்ற எல்லா எழுத்தும் சிறுத்துவிடும். வேறு காரணத்துக்காக அந்தச் சதவீதத்தை மாற்றினாலும், ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்த பிறகு விளையாட்டைச் சோதியுங்கள். பல நிரல்கள் உள்நுழைந்தபோது இருந்த அளவையே பிடித்துக்கொண்டிருக்கும்.