புடவைக்குள் மறைத்த காலிப்பர்

கேள்வி: இளம்பிள்ளைவாதத்தால் எனக்கு ஒரு கால் பாதிப்பு. வரன் பார்க்கிறார்கள். "முதலில் வந்து பார்த்துப் பிடிக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்கிறார் அம்மா. முன்னாடியே எவ்வளவு சொல்ல வேண்டும்?

அவர்கள் வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தரகரையோ மாமாவையோ விட்டுச் சொல்ல வேண்டாம், நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு வலது கால். ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்து போனதிலிருந்து காலைத் தாங்கிப் பிடிக்கத் தொடை வரை காலிப்பர்தான். முதல் வரன் வந்த அன்று, அவர்கள் வர அரை மணி முன்பே அம்மா என்னை நாற்காலியில் உட்காரவைத்து, பட்டுப்புடவையைப் பாதம் மறைய இழுத்துவிட்டார். "எழுந்துக்காதே" என்று ஒரே உத்தரவு. காபித் தட்டைத் தங்கை கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் அத்தைதான், "ரெண்டு பேரும் மாடிக்குப் போய்ப் பேசட்டுமே" என்றார். எழுந்து நின்றேன். காலிப்பரின் முழங்கால் பூட்டு விழும் 'டக்' சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. தரகர் அவர்களிடம், "பொண்ணு லேசா தாங்கித் தாங்கி நடக்கும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவர்கள் கோபப்பட்டதில் தப்பே இல்லை.

மறைத்தே கல்யாணம் முடிந்திருந்தால் இன்னும் மோசம். முக்கியமான விஷயத்தை மறைத்துச் சம்மதம் வாங்கினார்கள் என்று, தெரியவந்த ஓராண்டுக்குள் வழக்குப் போட்டுத் திருமணத்தையே ரத்து செய்யக் கேட்க இந்து திருமணச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் இடம் உண்டு. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். என் அம்மா இதற்குத்தான் மசிந்தார்.

உண்மையைச் சொல்ல ஆரம்பித்ததும் வரன்களின் தரம் மாறியது. மனைவியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருப்பவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், இப்படி. "அவங்களே இறங்கி வர்றாங்க, நீ என்ன யோசிக்கிறே?" என்பார்கள். மாற்றுத்திறனாளியை மணந்தால் அரசு தரும் உதவி, பட்டதாரிக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு 8 கிராம் தங்கமும். ஒரு சித்தப்பா அதைத் தள்ளுபடி விலை மாதிரி மாப்பிள்ளை வீட்டில் எடுத்துச் சொன்னார். அன்றைக்கு மட்டும்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

பிறகு திருமணத் தளத்தில் என் விவரத்தை நானே எழுதினேன். முதல் வரியிலேயே போலியோ, காலிப்பர். மாதத்துக்கு ஒரு விசாரிப்பு வந்தாலே பெரிது. ஆனால் வந்தவர்கள் தெரிந்தே வந்தார்கள்.

அப்படி வந்து, பின்னால் என் கணவரானவரை ஓர் ஓட்டலில் சந்தித்தேன். மாற்றுத்திறனாளி சான்றிதழில் இருக்கும் 60 சதவீதத்தைச் சொல்லவில்லை. அதை வைத்து யாருக்கும் ஒன்றும் புரியாது. காலையிலிருந்து இரவு வரை ஒரு நாளைச் சொன்னேன். எழுந்ததும் காலிப்பர் மாட்டப் பத்து நிமிஷம். கீழே குந்த முடியாது, வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டும். ஈரத் தரை என்றால் பயம். ராத்திரி காலிப்பரைக் கழற்றிவிட்டால் தொடையில் கை ஊன்றித்தான் பாத்ரூம் வரை போவேன். கழற்றினால் கால் எவ்வளவு மெலிந்திருக்கும் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது மட்டும் மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

"பிள்ளைக்கு வருமா?" என்று தயங்கிக் கேட்டார். எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான். போலியோ கிருமியால் வருவது, பரம்பரையாக வராது என்றேன். அவர் கேட்காததையும் நானே சொன்னேன்: போலியோ வந்து பல வருஷம் கழித்துச் சிலருக்குத் தசை மறுபடி தளரும், சீக்கிரம் களைத்துப் போவார்கள். எனக்கும் வரலாம், ஐம்பது வயதில் சக்கர நாற்காலி தேவைப்படலாம். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் முதல் வரனுக்கு அம்மா செய்ததைத்தான் நானும் செய்ததாக ஆகியிருக்கும்.

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. யோசிக்க இரண்டு வாரம் கேட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. அங்கேயே உருகிப்போய், "இதெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்லை" என்ற இன்னொருவர், அடுத்த வாரம் போனையே எடுக்கவில்லை.

நானும் ஒன்று கேட்டேன். அவர் வீடு முதல் மாடியில், பதினேழு படி. அம்மாவை விட்டுத் தனியாக வரமாட்டேன் என்று சொல்லியிருந்தார். "ஏறிப் பார்த்துட்டுத்தான் நான் பதில் சொல்வேன்" என்றேன். போனேன். ஏறும்போது இடப்பக்கம் மட்டும் கைப்பிடி. இறங்கும்போது அது பலமில்லாத வலப்பக்கத்துக்கு வந்துவிடுகிறது, இடது கைக்கு வெறும் சுவர். நான் சுவரைத் தடவிக்கொண்டு இறங்குவதை அவர் அம்மா மேலே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நிச்சயத்துக்கு முந்தின வாரம், அந்தச் சுவரிலும் வெல்டரை வைத்து ஒரு பைப் அடித்திருந்தார்கள்.

நீங்களும் "சரி" என்று சொல்வதற்கு முன் அந்த வீட்டின் படிக்கட்டையும் பாத்ரூமையும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.