மூன்று என்றால் விரலா, ஃப்ரெட்டா?

கேள்வி: கார்ட் படம், டேப் வரி இரண்டையும் பார்த்து ஒரு சின்னப் பகுதியாவது வாசிக்கப் பார்க்கிறேன். சி கார்ட் மட்டும் நன்றாக வருகிறது, மற்றதெல்லாம் கர்ணகடூரம். எங்கே தப்பு?

சி மட்டும் நன்றாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். நானும் ஏழு வாரம் அதே இடத்தில் நின்றவன். உங்கள் கிட்டாரைப் பார்க்காமலே சொல்கிறேன்: கார்ட் படத்தில் இருக்கும் எண்ணை ஃப்ரெட் எண் என்று நினைத்து வாசிக்கிறீர்கள். அது விரல் எண். தப்பாக ஊகித்திருந்தால் மன்னித்துவிடுங்கள், ஆனால் அப்படி இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இதுதான் சி:

```
x     o   o
===========
| | | | 1 |
| | 2 | | |
| 3 | | | |
```

கிட்டாரை நிமிர்த்தி, முகம் உங்களைப் பார்க்கும்படி வைத்தது போல வரைந்த படம் இது. இடது ஓரம் தடித்த ஆறாம் கம்பி, வலது ஓரம் மெல்லிய முதல் கம்பி. மேலே இருக்கும் தடிமனான கோடு நட். அதற்குக் கீழே முதல் ஃப்ரெட் கட்டம், பிறகு இரண்டு, மூன்று. x என்றால் அந்தக் கம்பியைத் தொடாதே, o என்றால் எதையும் அழுத்தாமல் சும்மா மீட்டு. உள்ளே இருக்கும் 1 ஆள்காட்டி விரல், 2 நடுவிரல், 3 மோதிர விரல், 4 சுண்டு விரல்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். 1 என்று போட்ட விரல் முதல் ஃப்ரெட்டில் இருக்கிறது, 2 இரண்டாவதில், 3 மூன்றாவதில். எண்ணை விரல் என்று படித்தாலும் ஃப்ரெட் என்று படித்தாலும் கை போய் உட்காரும் இடம் ஒன்றுதான். தப்பாகப் படித்தவனுக்கும் சி கார்ட் சரியாகவே ஒலிக்கும். தொடக்கக்காரர்களுக்கு முதலில் சி சொல்லிக்கொடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அடுத்தது ஏ மைனர்:

```
x o       o
===========
| | | | 1 |
| | 2 3 | |
| | | | | |
```

இங்கே 2, 3 இரண்டும் ஒரே கட்டத்தில், இரண்டாம் ஃப்ரெட்டில், பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளில் இருக்கின்றன. நான் படத்தின் கட்டத்தைப் பார்க்கவில்லை, எண்ணை மட்டும் பார்த்தேன். மூன்றாம் கம்பியில் 3 என்றதும் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்திவிட்டேன். அங்கே இருப்பது பி ஃப்ளாட். ஏ மைனருக்கு வேண்டிய ஏ-வை விட அரை ஸ்வரம் மேலே. ஒரே ஒரு கம்பிதான் தப்பு, ஆனால் முழு கார்டும் பல்லைக் கூச வைக்கும்.

அப்போது ஒரு வகுப்பில் சேர்ந்திருந்தேன். எந்த வகுப்பு என்பது வேண்டாம். சொல்லிக்கொடுத்தவர் தூரத்தில் உட்கார்ந்தபடியே "சுருதி சரியில்லை, ட்யூன் பண்ணிட்டு வாங்க" என்பார். ஒவ்வொரு முறையும் அதே பேச்சு. என் இடது கையை ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. நானும் ட்யூன் செய்தேன், திரும்ப ட்யூன் செய்தேன், கம்பியையே மாற்றினேன். கடைசியில் தலையில் கவ்வும் கிளிப் ட்யூனர் ஒன்று வாங்கி ஒவ்வொரு கம்பியாகச் சோதித்தேன். ஆறும் கச்சிதம். ஆறு கம்பியும் சரி, சி கார்டும் சரி, ஏ மைனர் மட்டும் கோணல் என்றால் கோளாறு கிட்டாரில் இருக்க முடியாது என்று அன்றைக்குத்தான் புத்தி வந்தது. படத்தை எடுத்து வைத்து ஒவ்வொரு கம்பியாக மீட்டிக்கொண்டே வந்தேன். மூன்றாம் கம்பியில் பிடிபட்டது. (அந்த ட்யூனரை நண்பர் ஒருவர் "ரெண்டே நாள்" என்று வாங்கிப் போய் இரண்டு வருடம் ஆகிறது. போனில் ட்யூனர் ஆப் இருக்கிறதே, அது எதற்கு என்று என்னையே கேட்கிறார். அப்படியானால் திருப்பிக் கொடுக்கலாமே.)

சரி, டேப்புக்கு வருவோம். இதே இரண்டு கார்டுகளை வைத்து ஒரு சின்னப் பகுதி:

```
    C                 Am
e|---------0-------|---------0-------|
B|-------1---1-----|-------1---1-----|
G|-----0-------0---|-----2-------2---|
D|---2-----------2-|---2-----------2-|
A|-3---------------|-0---------------|
E|-----------------|-----------------|
```

இங்கே நிலைமை தலைகீழ். டேப்பில் இருக்கும் எண் ஃப்ரெட் எண், விரல் எண் அல்ல. எந்த விரலால் அழுத்துவது என்று டேப் சொல்லாது. 0 என்பது படத்தில் பார்த்த அதே o. மேல் கோடு மெல்லிய கம்பி, அடிக்கோடு தடித்த கம்பி. கிட்டாரை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்துப் பாருங்கள்: வயிற்றுக்குப் பக்கத்தில் தடித்த கம்பி, தூரத்தில் மெல்லிய கம்பி. டேப்பும் அதே வரிசைதான். ஆனால் வாசிக்கும்போது குனிந்து பார்த்தால் தடித்த கம்பி மேலே தெரியும், அதனால் எல்லோரும் ஒரு தடவையாவது கவிழ்த்துப் படிக்கிறோம். இதற்காக வெட்கப்பட வேண்டாம். 1507இல் வெனிஸில் அச்சான லூட் இசைப் புத்தகத்தில் டேப் அப்படித்தான் இருந்தது, தடித்த கம்பிக்கு மேல் கோடு. நாம் ஐந்நூறு வருடம் பிந்திப் பிறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

கவிழ்த்துப் படித்திருக்கிறோமா என்று கண்டுபிடிக்க என் வழி இது. கார்ட் படத்தை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். இடது ஓரத்துக் கம்பி கீழே வந்துவிடும், டேப்பின் அடிக்கோட்டோடு பொருந்தும். சி படத்தில் x போட்ட கம்பிக்கு டேப்பில் எண்ணே இல்லை. அடுத்த கம்பியில் 3, அதற்கு மேல் 2, அப்புறம் 0, 1, 0. படத்தில் கீழிருந்து மேலாக எண்ணினாலும் அதேதான் வர வேண்டும். எங்காவது பொருந்தவில்லை என்றால் இரண்டில் ஒன்றைத் தப்பாகப் படிக்கிறீர்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: திருப்பிய படத்தில் இடமிருந்து வலம் போவது ஃப்ரெட், டேப்பில் இடமிருந்து வலம் போவது நேரம். டேப்பில் வலது ஓரத்தில் இருக்கும் எண்ணை வாசிக்கக் கை கிட்டாரின் உடல் பக்கம் நகரத் தேவையில்லை. சிரிக்காதீர்கள், நான் நகர்த்தினேன்.

இடது கைக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். உங்களுக்கென்று கார்ட் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல மாற்றி வரைவார்கள், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தப்பு, டேப்பில் 3 என்றதும் அதை மட்டும் அழுத்தி மீட்டி, எடுத்துவிட்டு, பிறகு 2 எங்கே என்று தேடுவது. அப்படி வாசித்தால் ஒவ்வொரு ஒலியும் துண்டு துண்டாகச் செத்துவிடும். மேலே C என்று எழுதியிருப்பது அலங்காரத்துக்கு இல்லை. முதல் ஸ்வரத்துக்கு முன்பே சி கார்டை முழுசாகப் பிடித்துக்கொண்டு, எட்டு ஸ்வரம் முடியும் வரை இடது கையை அசைக்கக் கூடாது. அசைவதெல்லாம் வலது கை. ஐந்தாம், நான்காம் கம்பிகளைக் கட்டைவிரல் பார்த்துக்கொள்ளும். மூன்றாம் கம்பிக்கு ஆள்காட்டி, இரண்டாம் கம்பிக்கு நடுவிரல், முதல் கம்பிக்கு மோதிர விரல். டேப் காட்டும் மலை போல ஏறி இறங்குங்கள்.

தாளத்தை இந்த மாதிரி டேப் சரியாகச் சொல்லாது, அது அதன் பெரிய குறை. எண்களுக்கு இடையே ஒரே இடைவெளி என்பதால் எல்லாம் ஒரே நீளம் என்று ஊகிக்கத்தான் முடியும். இங்கே ஊகம் சரிதான்: எட்டு ஸ்வரம், நாலு தட்டு. நான் "ஒன்-னும் ரெண்-டும் மூ-ணும் நா-லும்" என்று வாயால் சொல்லிக்கொண்டே வாசித்தேன், அசைக்கு ஒரு ஸ்வரம். டேப் பார்த்து வாசிப்பதெல்லாம் சோம்பேறித்தனம், ஸ்டாஃப் நொட்டேஷன் படி என்று யாராவது கீழே எழுதுவார்கள். தெரியும் ஐயா. தாளத்துக்கு அதுதான் மேல், மறுக்கவில்லை. ஆனால் அதே ஸ்வரத்தைக் கிட்டாரில் மூன்று இடங்களில் வாசிக்க முடியும்போது எந்த இடம் என்று டேப்தான் நேராகச் சொல்கிறது.

சில கம்பிகள் "டொக்" என்று மொட்டையாக ஒலிக்கலாம். சி-யில் பெரும்பாலும் இரண்டு பேர்தான் குற்றவாளிகள். முதல் கம்பி ஊமை என்றால் ஆள்காட்டி விரல் சாய்ந்து அதைத் தொடுகிறது. நான்காம் கம்பி ஊமை என்றால் ஐந்தாம் கம்பியில் இருக்கும் மோதிர விரல் அதன்மேல் படுத்திருக்கிறது. விரலை நுனியில் நிறுத்துங்கள். இன்னொன்று, படத்தில் புள்ளியைக் கட்டத்தின் நடுவில் போடுவார்கள், அதை நம்பி நடுவில் அழுத்த வேண்டாம். உடல் பக்கத்து உலோகப் பட்டையை ஒட்டி, அதற்குச் சற்று முன்னால் அழுத்தினால் பாதி பலம் போதும், கரகரப்பும் இருக்காது.

இனி சி-யிலிருந்து ஏ மைனருக்கு மாறுவது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆள்காட்டியும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நகர்வது மோதிர விரல் மட்டும், ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டிலிருந்து மூன்றாம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டுக்கு. நான் ஒவ்வொரு முறையும் மூன்று விரலையும் தூக்கி மறுபடி வைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் அவசர அவசரமாக. அவசரமே இல்லை. டேப்பைப் பாருங்கள்: ஏ மைனரின் முதல் ஸ்வரம் திறந்த ஐந்தாம் கம்பி, இரண்டாவது நடுவிரல் ஏற்கெனவே பிடித்திருக்கும் நான்காம் கம்பி. மோதிர விரல் முதல் ஸ்வரத்துக்குள் கிளம்பினால் போதும், மூன்றாவது ஸ்வரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் போதும்.

ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. மோதிர விரல் தாமதமாகிவிட்டால் மூன்றாம் கம்பி திறந்தபடியே ஒலிக்கும். அது ஜி. ஏ மைனரோடு ஜி சேர்ந்தால் ஏ மைனர் செவன், கேட்க நன்றாகவே இருக்கும். சி-யில் ஏமாந்த மாதிரியே இங்கேயும் ஏமாந்து, பல நாள் அதையே வாசித்துக்கொண்டிருந்தேன். அதனால் அழகாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இரண்டு பகுதியின் மூன்றாவது ஸ்வரத்தை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். சி-யில் 0, ஏ மைனரில் 2, இரண்டாவது ஒரு முழு ஸ்வரம் மேலே கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோலவே கேட்டால் உங்கள் மோதிர விரல் இன்னும் வழியில்தான் இருக்கிறது.