இணைப்புரை என்றால் என்ன, எப்படிப் பேசுவது?

கலைநிகழ்ச்சியில் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும்வரை தொகுப்பாளர் என்ன பேச வேண்டும்? ஒவ்வொரு தடவையும் "அடுத்ததாக" என்றே வருகிறதே?

அந்த இடைவெளியில் பேசும் இரண்டு மூன்று வரிகளுக்குத்தான் இணைப்புரை என்று பெயர். மேடையில் ஆள் மாற, மைக் நகர்த்த நேரம் வேண்டும், கூட்டத்தின் மனசும் பழைய நிகழ்ச்சியிலேயே நிற்கும். பந்தியில் "ரசம் வரலாமா?" என்று கேட்டதும் நாம் சோற்றில் குழி பறித்துக்கொள்வோமே, அதே வேலைதான் இது.

பரதநாட்டியம் முடிந்து பறையாட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இவ்வளவு நேரம் தாளம் சலங்கையில் கேட்டது. இனி அது தோலில் அதிரப்போகிறது. இதோ, பறையாட்டம்!" முடிந்ததிலிருந்து ஒரு பொருளை (இங்கே தாளம்) எடுத்து அடுத்ததில் வைத்தால் போதும். பெயரைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும், முதலிலேயே சொன்னால் கைதட்டல் காலி மேடைக்குப் போய்விடும்.

சரி, பறையை இன்னும் தீயில் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள் என்றால்? அதையே சொல்லுங்கள்: "சூடேறினால்தான் தோல் இறுகும், சத்தம் கணீரென்று வரும்." இப்படி இரண்டு வரி கையில் இருக்கட்டும், ஓரத்திலிருந்து சைகை வந்ததும் பாதியிலேயே விட்டுவிடலாம்.

பலர் நினைப்பதுபோல இது முடிந்த நிகழ்ச்சிக்கான பாராட்டுரை இல்லை, அதைக் கைதட்டல் பார்த்துக்கொள்ளும்.