அவர் கதைக்கிறார், நான் கேட்கிறேன்

கேள்வி: எனக்கு 28 வயது. கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். மாமி கொண்டுவந்த சம்பந்தம் ஒன்று. வீட்டாரின் சம்மதத்தோடு அவரை மூன்று தரம் டவுனில் ஒரு கூல்பாரில் சந்தித்துவிட்டேன். நல்ல மனிதர்தான். ஆனால் வந்து இருந்த நேரம் முதல் தன் வயல், லீசிங்கில் எடுத்த நெல்லு வெட்டுற மெசின், அண்ணன்மார் என்று தன் கதைதான். நானும் கேள்வி கேட்டுக் கேட்டு ஓட்டுகிறேன். என்னிடம் அவர் இதுவரை கேட்டது "என்ன குடிக்கிறீங்கள்?" மட்டும்தான். அரை மணித்தியாலத்தில் என் மனம் எங்கேயோ போய்விடுகிறது. மனம் ஊன்றிக் கேட்பது எப்படி? இவரைக் கட்டலாமா?
— கிளிநொச்சி வாசகி

பதில்: அன்புத் தங்கச்சி, அடுத்த முறை போகும்போது உங்கள் கேள்விகளைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அவர் கூடக் கதைப்பதால் மட்டும் உங்கள் மனம் அலையவில்லை. கதையை ஓட்டும் பொறுப்பு முழுவதையும் நீங்கள் தனியே சுமக்கிறீர்கள். அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே "அடுத்து என்ன கேட்பது?" என்று தேடத் தொடங்கிவிடுகிறீர்கள். அந்த நேரம் அவர் சொல்வது காதில் விழும், மனதில் நிற்காது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 2017இல் ஹாவாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்பின் தெரியாதவர்களின் உரையாடல்களை எடுத்துப் பார்த்தார்கள். கூடக் கேள்வி கேட்டவரை, அதிலும் சொன்னதைப் பிடித்துக்கொண்டு மேலே கேட்டவரை, எதிரில் இருந்தவருக்குக் கூடப் பிடித்திருந்தது. துணை தேடுபவர்கள் சில சில நிமிடங்களாகப் பலரைச் சந்திக்கும் நிகழ்வுகளிலும், அப்படிக் கேட்டவர்களைத் திரும்பச் சந்திக்கக் கூடுதலானோர் விரும்பினார்கள். ஆகவே உங்களைச் சந்தித்துவிட்டு அவர் சந்தோசமாகத்தான் வீட்டுக்குப் போயிருப்பார். "பிள்ளை நல்லாக் கதைக்கிறா" என்றுகூட மாமியிடம் சொல்லியிருக்கலாம். களைத்துப்போனது நீங்கள் மட்டும் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

மனம் ஊன்றிக் கேட்பதற்கு எனக்குத் தெரிந்த வழி, வயல், மெசின், அண்ணன்மார் என்று தாவாமல் ஒரே கதையில் நிற்பது. மெசினையே எடுங்கள். அதன் விலையையும் ஒரு நாளில் எத்தனை ஏக்கர் வெட்டும் என்பதையும் கேட்டால் உங்களுக்கு அலுக்கத்தான் செய்யும். அந்தக் கதைக்குள் அவர் எங்கே முடிவெடுத்தார், எங்கே பயந்தார் என்று பாருங்கள். மெசின் உழைப்பது அறுவடை நடக்கும் சில கிழமைகளில்தான். லீசிங் காசு மாதாமாதம் கட்ட வேண்டும். வெட்டுக்கு நிற்கும் வயலில் மழை விழுந்துவிட்டால் மெசினை இறக்கவே முடியாது. "வேலை இல்லாத மாதங்களில என்ன செய்வீங்கள்?" என்று ஒன்றே ஒன்று கேளுங்கள். அண்ணனிடம் காசு மாறுகிறாரா, முதலே ஒதுக்கி வைக்கிறாரா, கட்டாமல் விட்டுவிட்டு ஓடித் திரிகிறாரா? நாளைக்கு அவரோடு குடும்பம் நடத்தப்போகிற உங்களுக்கு அந்தப் பதில் முக்கியம். முக்கியமான இடத்தில் மனம் தானாக நிற்கும்.

அந்தப் பதில் முடிந்ததும் அடுத்த கேள்வியைக் கேட்காதீர்கள். உங்கள் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கதையை வையுங்கள். "வருசக் கணக்கு முடிக்கிற நேரம் எனக்கும் இப்படித்தான். ஒரு வவுச்சரைக் காணேல்லை எண்டு இரவு ஏழு மணிமட்டும் சங்கத்தில இருந்து தேடினனான்." இவ்வளவும் போதும். கடைசியில் "உங்களுக்கும் அப்படியா?" என்று சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் கதை திரும்ப அவர் கைக்குப் போய்விடும். சொல்லிவிட்டுச் சர்பத்தை ஒரு மிடறு குடியுங்கள், மெல்லப் பத்து எண்ணுங்கள். அந்த மௌனம் உங்களுக்கு நெடுநேரம் போலத் தோன்றும். ஆனாலும் அதை நீங்கள் நிரப்ப வேண்டாம்.

இப்போது அவர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். சார்ள்ஸ் டெர்பர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1979இல் இதை வடிவாகப் பிரித்துக் காட்டினார். ஒருவர் ஒன்று சொன்னதும் கேட்பவரின் பதில் இரண்டு பக்கத்தில் ஒன்றுக்குப் போகும் என்றார். "பிறகு வவுச்சர் கிடைச்சதா?" என்றால் கதை உங்களிடமே இருக்கிறது. "எனக்கும் லீசிங் புத்தகம் ஒருக்கால் துலைஞ்சது" என்றால் கதையைத் தன் பக்கம் இழுத்துவிட்டார். ஒருமுறை இழுத்ததை வைத்து ஆளை எடைபோட வேண்டாம். "எனக்கும்" என்று சொல்வது பலருக்கு அன்பு காட்டும் வழி. நீங்கள் மூன்று தரம் உங்கள் கதையை வைத்து, மூன்று தரமும் அது அவருடைய கதையாக முடிந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் கேட்காமல் இருப்பதற்கு எங்கள் பக்கத்தில் வேறு காரணங்களும் உண்டு. பேச்சுக்கால் தொடங்கியபோதே உங்கள் படிப்பு, வேலை, குறிப்பு எல்லாவற்றையும் மாமி சொல்லி முடித்திருப்பார். இனிக் கேட்க என்ன இருக்கிறது என்று நினைப்பார். பெண் வீட்டுக்குத் தன் உழைப்பைக் காட்ட வேண்டும் என்ற பதற்றமும் இருக்கலாம். மெசின் கதை அதனால்கூட வந்திருக்கலாம். இவற்றைவிட ஆழமான ஒன்றும் உண்டு. வன்னியில் "வீட்டில எத்தனை பேர்?" என்பது சாதாரணக் கேள்வி அல்ல. 2009க்குப் பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் எழுந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். முகாமிலும் சோதனைச்சாவடியிலும் பதிவிலும் கேள்விக்குப் பதில் சொல்லியே வளர்ந்த பிள்ளைகள் இன்னொருவரை அப்படிக் கேட்கக் கூசுவார்கள். சொல்ல விரும்பினால் தானாகச் சொல்வார் என்று விட்டுவிடுவார்கள். அதை மரியாதை என்றே நினைக்கிறார்கள்.

இவர் எந்த வகை என்பதை அடுத்த சந்திப்பில் அறியலாம். கேட்கத் தெரியாத, ஆனால் அக்கறையுள்ள மனிதர் நீங்கள் கதைக்கும்போது அடங்கி இருப்பார், போனைத் திருப்பி வைப்பார். முக்கியமாக, நீங்கள் சொன்னதை நினைவில் வைத்திருப்பார். அடுத்த முறை வந்து "கணக்கு முடிஞ்சுதா?" என்று கேட்டாரானால் அந்த ஒன்றுக்காகவே அவருக்கு இன்னும் நேரம் கொடுக்கலாம். வவுச்சர் கதை அவர் மனதில் எங்குமே இல்லையென்றால், நேராகவே சொல்லிவிடுங்கள். "உங்களைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும். என்னைப் பற்றி உங்களுக்கு ஒண்டும் தெரியாது. இண்டைக்கு நீங்கள் கேளுங்கோ, நான் சொல்லுறன்." முகத்தைச் சுளிக்காமல், சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். பழக்கத்தால் கேட்காமல் இருந்தவர் வெட்கப்படுவார், தட்டுத் தடுமாறியாவது ஒன்றைக் கேட்பார். கேள்வி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, பதிலை விரித்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மெசினுக்கே திரும்பிப் போனால், உங்களுக்கு எத்தனை கேட்கும் கலை தெரிந்தாலும் அது உதவாது. கலியாணத்துக்குப் பிறகு மாறுவார் என்ற கணக்கை மட்டும் போடாதீர்கள்.

எழுத்துக்கு நாள் பார்க்க முதல் இன்னும் இரண்டு மூன்று தரம் சந்திக்க வேண்டும் என்று மாமியிடம் இன்றே சொல்லிவையுங்கள். ஒருமுறையாவது கூல்பாரை விட்டு, வீட்டாரில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு இரணைமடுக் குளக்கட்டுப் பக்கம் போய் நடவுங்கள். எதிரெதிரே இருப்பதைவிடப் பக்கத்தில் நடக்கும்போது மௌனம் அவ்வளவு உறுத்தாது. அவர் உங்களைக் கேட்பதற்கும் இடம் கிடைக்கும்.