ஜம்போ ஃபிரேம் போட்டதும் நாஸ் ஏன் தொங்குகிறது?

"அண்ணே, பட்டர்வொர்த்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறோம். நாஸ், கணினி இரண்டிலும் எம்டியூ 9000 வைத்தேன். பிங் போகிறது, ஃபோல்டர் திறக்கிறது, பெரிய ஃபைல் மட்டும் அப்படியே நிற்கிறது. ஏன்?"

நடுவில் இருக்கும் சுவிட்ச்சைப் பாருங்கள், அதில் ஜம்போ, அதாவது வழக்கமான 1500 பைட்டைவிடப் பெரிய பாக்கெட்டுக்கான வசதி, அணைந்திருக்கும். இரு முனைகளும் பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியூ 9000 பைட் என்று பேசிக்கொண்டு பெரிய பாக்கெட்டை அனுப்புகின்றன. சுவிட்ச் அதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுகிறது, பிழைச் செய்தி எதுவும் வராது. சாதாரண பிங் சின்னது, அதனால் தப்பிவிடும். லினக்ஸில் இப்படிச் சோதியுங்கள்:

```
ping -M do -s 8972 <நாஸ் முகவரி>
```

8972 என்பது 9000-இல் தலைப்புகளுக்கான 28 பைட் கழித்தது. பதில் வராமல், `-s 1472` மட்டும் வந்தால் சுவிட்ச்தான் காரணம். ஒரு முனையில் மட்டும் 9000 இருந்தால், டிசிபி சிறிய அளவுக்கே ஒத்துப்போவதால் பெரும்பாலும் ஓடிவிடும். குழப்பமே அங்குதான்.

சரி, வேகம்? ஒரு கிகாபிட் லைனில் வினாடிக்கு 118 மெகாபைட் சுமார் 123 ஆகும், அவ்வளவுதான். அதற்காக ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். 10 கிகாபிட்டில், நாஸின் சிபியு பலவீனமாக இருந்து, பெரிய ஃபைல்களைத் தொடர்ச்சியாக நகர்த்தினால் நிஜமாகவே தெரியும். ஆயிரக்கணக்கான சின்னப் படங்களுக்கு ஒன்றும் மாறாது. அங்கே தாமதம் டிஸ்க்கிலும், ஒவ்வொரு ஃபைலுக்கும் போய்வரும் கேள்வி பதிலிலும்.