முதல் மெயிலில் 😊 போடலாமா?

கேள்வி: கோவையில் அட்டைப்பெட்டி செய்யும் சின்ன யூனிட் எங்களுடையது. புதிய கம்பெனிகளுக்கு நானே மெயில் அனுப்பி ஆர்டர் தேடுகிறேன். வெறுமனே எழுதினால் வறட்டுத்தனமாக இருக்கிறதே என்று ஸ்மைலி, ஆச்சரியக்குறி, சின்னதாக ஒரு ஜோக் எல்லாம் சேர்த்தேன். பதில் குறைந்துவிட்ட மாதிரி இருக்கிறது. எடுத்துவிடவா?

பதில்: முதல் மெயிலில் ஸ்மைலியை எடுத்துவிடுங்கள். ஆச்சரியக்குறி ஒன்றுக்கு மேல் வேண்டாம், அதுவும் சப்ஜெக்ட் வரியில் கூடாது. ஜோக்கை மட்டும் முழுக்க விட வேண்டியதில்லை. அதற்கு ஓர் இடம் இருக்கிறது.

நேரில் ஒருவரைப் பார்த்துச் சிரித்தால் அவருக்கு நம்மைப் பிடித்துப்போகிறது, நம் திறமை மீதும் நம்பிக்கை வருகிறது. மெயிலில் போடும் ஸ்மைலியும் அதையே செய்யும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். எலா கிளிக்சனும் சக ஆய்வாளர்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொன்னது. அறிமுகமில்லாதவரிடமிருந்து வரும் அலுவலக மெயிலில் ஸ்மைலி இருந்தால், எழுதியவர் மீது கூடுதல் நெருக்கம் எதுவும் வருவதில்லை. அவருடைய திறமை பற்றிய மதிப்பு மட்டும் குறைகிறது. பதில் எழுதியவர்கள் கொடுத்த விவரமும் குறைவாக இருந்தது. பேச்சே இயல்பான, அலுவல் சாராத சூழலில் நடந்தால் இந்தப் பாதிப்பு மங்கிவிடுகிறது. பர்ச்சேஸ் மேனேஜருக்கு நீங்கள் எழுதும் முதல் மெயில் அப்படிப்பட்ட சூழல் இல்லையே.

இதில் ஒரு தொழில்நுட்பத் தொல்லையும் உண்டு. பழைய அவுட்லுக்கில் :) என்று தட்டினால் அது தானாக விங்டிங்ஸ் எழுத்துருவின் சிரிப்பு முகமாக மாறும். உள்ளே இருப்பது உண்மையில் J என்ற எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் திறப்பவருக்கு வாக்கியத்தின் கடைசியில் ஒரு தனி J மட்டும் தெரியும். நீங்கள் அந்த அவுட்லுக்கைப் பயன்படுத்தினால் File > Options > Mail > Editor Options > Proofing > AutoCorrect Options என்று போய் அந்த மாற்றத்தை நீக்கிவிடுங்கள். நிஜ இமோஜியிலும் சிக்கல் இருக்கிறது. ஒரே குறி ஆப்பிளில் ஒரு முகமாகவும் ஆண்ட்ராய்டில் வேறொரு முகமாகவும் வரையப்படுவதால், பார்ப்பவர்கள் அதை வெவ்வேறு உணர்ச்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் இதைக் காட்டினார்கள்.

அவர் பதிலில் 🙏 அல்லது 👍 போட்டால் அடுத்த மெயிலில் நீங்களும் ஒன்று போடலாம். அவர் போட்ட அளவைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

ஆச்சரியக்குறி வந்தாலே மெயில் ஸ்பாமுக்குப் போய்விடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. ஒரே ஒரு குறிக்காக எந்த வடிகட்டியும் மெயிலைத் தள்ளாது. முழுக்கப் பெரிய எழுத்தில் உள்ள ஆங்கில சப்ஜெக்ட் போன்ற பல அடையாளங்கள் சேரும்போதுதான் பிரச்சினை. அதைவிடப் பெரிய ஆபத்து, படிப்பவரே எரிச்சலில் ஸ்பாம் பட்டனை அழுத்துவது. ஜிமெயில் அதைக் கணக்கு வைத்துக்கொள்கிறது. ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்பது அதன் விதி.

எனவே குறி எந்த வாக்கியத்தின் பின்னால் நிற்கிறது என்று பாருங்கள். "எங்கள் பெட்டி மிக உறுதியானது!" என்பதில் நம் சரக்கை நாமே கைதட்டிப் பாராட்டுகிறோம். மலிவாகத் தெரிவது இதுதான். "புதிய கிளை திறந்ததற்கு வாழ்த்துகள்!" என்பதில் மகிழ்ச்சி அவருடையது, அங்கே குறி பொருந்தும். மெயிலை எழுதி முடித்ததும் எல்லா ஆச்சரியக்குறிகளையும் முற்றுப்புள்ளியாக மாற்றி ஒருமுறை படியுங்கள். எந்த வாக்கியம் உம்மென்று ஆகிவிடுகிறதோ, அதற்கு மட்டும் திருப்பிக் கொடுங்கள்.

ஜோக்தான் சிக்கலானது. ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி குழுவின் 2005 ஆய்வில், தங்கள் மெயிலில் உள்ள கிண்டலை எதிராளி புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு, படித்தவர்களால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுதும்போது நம் குரல் நமக்குக் காதில் கேட்கிறது, படிப்பவருக்குக் கேட்பதில்லை. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: உங்கள் மெயில் பிடித்திருந்தால் அவர் அதை முதலாளிக்கோ கணக்குப் பிரிவுக்கோ ஃபார்வர்டு செய்வார். சினிமா வசனம் ஒன்றை வைத்திருந்தால், பெங்களூரு அலுவலகத்தில் தமிழ் தெரியாத ஒருவர் அதை வெறும் உளறலாகத்தான் படிப்பார்.

ஆகவே ஜோக் விஷயத்தைச் சொல்லி முடித்த பிறகு வரட்டும். அதை நீக்கினாலும் மெயில் முழுதாக நிற்க வேண்டும். கேலி உங்களைப் பற்றியோ உங்கள் பொருளைப் பற்றியோ இருக்கலாம், அவருடைய கஷ்டத்தைப் பற்றிக் கூடவே கூடாது. பாட்டில் உடைந்து வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கியவரிடம் உடைந்த பாட்டிலை வைத்துச் சிரித்தால், அதோடு கதை முடிந்தது.

ஆன்லைனில் ஊறுகாய் விற்கும் கம்பெனிக்கு எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். (மெயில் ஆங்கிலத்தில் போனாலும் கணக்கு ஒன்றுதான்.) இப்படி எழுதினால் குப்பைக்குப் போகும்:

"சப்ஜெக்ட்: உங்கள் பெட்டிப் பிரச்சினைக்கு முடிவு!!! 📦🔥
வணக்கம் சார்! நலமா? 😊 விட்டால் உங்களையே பேக் பண்ணி அனுப்பிவிடுவோம், ஹா ஹா! கோவையிலேயே சிறந்த பெட்டி எங்களிடம்! உடனே கூப்பிடுங்கள்!"

இதில் உள்ள குறிகளை மட்டும் எடுத்தால் தேறாது. அந்தக் கம்பெனியைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததை மறைக்கத்தான் அத்தனை குறியும் வந்திருக்கிறது. இப்படி மாற்றலாம்:

"சப்ஜெக்ட்: 6 ஊறுகாய் பாட்டில் செட்டுக்கு மாதிரிப் பெட்டி
வணக்கம். உங்கள் தளத்தில் 6 கண்ணாடி பாட்டில் செட்டைப் பார்த்தேன். அதற்கு 5 பிளை பெட்டியும் நடுவில் தடுப்பு அட்டையும் செய்து, 2 மாதிரிகள் இலவசமாக அனுப்ப முடியும். பாட்டிலின் உயரமும் விட்டமும் தெரிந்தால் போதும். அட்டைப்பெட்டி பற்றிய மெயிலை யாரும் ஆசையாகப் படிப்பதில்லை என்று தெரியும், அதனால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். மாதிரி அனுப்பட்டுமா?"

கடைசிக்கு முந்தைய வரிதான் ஜோக். விழுந்து விழுந்து சிரிக்க ஒன்றுமில்லை, லேசாக உதடு விரிந்தால் போதும். விரியாவிட்டாலும் நஷ்டமில்லை, ஏனென்றால் அது அவருடைய நேரத்தை மதிக்கிற வரியாகவும் படிக்கும். முதல் வரி அவருடைய செட்டைப் பற்றிப் பேசுவதால் நெருக்கம் அங்கேயே வந்துவிடுகிறது, ஸ்மைலி செய்ய வேண்டிய வேலை மிச்சமில்லை.

பதில் குறைந்ததற்கு ஸ்மைலிதான் காரணம் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். 40 மெயிலுக்கு 5 பதில் வந்தது, அடுத்த 40-க்கு 3 வந்தது என்றால் அது தற்செயலாகவே இருக்கலாம். எண்ணிக்கையைவிட வந்த பதிலின் தன்மையைப் பாருங்கள். அளவு, விலை, டெலிவரி நாள் கேட்டால் மெயில் வேலை செய்கிறது. "என் முகவரி எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டால், இல்லாத பழக்கத்தை இருப்பதுபோல் காட்டியிருக்கிறீர்கள். அப்படி ஒன்று வந்தால் விளக்கம் நீட்டாமல், முகவரி எங்கே கிடைத்தது என்பதை ஒரே வரியில் சொல்லி, இனி எழுத மாட்டேன் என்று முடித்துவிடுங்கள். அந்தப் பதிலிலும் ஸ்மைலி வேண்டாம்.